வயிற்றுப்போக்குக் கேள்வித்தாள்: மொழிபெயர்த்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கிராமங்களில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்களுக்கு எவ்வளவு தெரியும்? இதை அளக்க ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டு மலைக்கிராமங்களில் பயன்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கப் பலரும் நம்பும் வழி ஒன்று உண்டு. ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவார்கள். 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த மறுமொழிபெயர்ப்பு முறை பரவலானது. இது நல்ல முறைதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பெரிய பிழைகள் தப்பிவிடும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்: “வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் துத்தநாக மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டுமா?” ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் பணியாளர்கள் நாள்தோறும் சொல்வது ஜிங்க் மாத்திரை. மாத்திரையை நன்றாகத் தெரிந்த ஒருவர் ‘துத்தநாகம்’ என்றதும் தயங்கி, தெரியாது என்று சொல்லிவிடலாம். அப்போது அளக்கப்படுவது மருத்துவ அறிவு அல்ல, பாடப்புத்தகத் தமிழ். மறுமொழிபெயர்ப்பில் இது தெரியவே தெரியாது. திருப்பி எழுதுகிறவர் படித்தவர்; கரடுமுரடான தமிழையும் தன் மனதுக்குள் சரிசெய்துகொண்டுதான் எழுதுவார்.

அதே கேள்வியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘நின்ற பிறகும்’ என்பதில் உள்ள ‘உம்’, தொடர வேண்டும் என்ற விடையைக் காதோரம் சொல்லிவிடுகிறது. “ஜிங்க் மாத்திரையை மொத்தம் எத்தனை நாள் கொடுக்கச் சொல்வீர்கள்?” என்று கேட்டால் குறிப்பும் கிடைக்காது, ஊகிப்பதும் கடினம். ஆமாம்-இல்லை கேள்விகளில் ஒன்றும் தெரியாதவருக்கும் பாதி விடைகள் சரியாக விழுந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது விடைத்திறவு, அதாவது எந்தப் பதிலுக்கு மதிப்பெண் என்ற பட்டியல். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 10 முதல் 14 நாள். இந்தியப் பயிற்சியில் சொல்வது 14 நாள். ‘பத்து நாள்’ என்கிறவருக்கு மதிப்பெண் உண்டா? உள்ளூர்ப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை வைத்து இதை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும்.

ஓஆர்எஸ் கரைசல் பற்றிய கேள்வியில் பொட்டலமே குழப்பும். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பொட்டலமும் உண்டு. “ஒரு பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பீர்கள்?” என்று வெறுமனே கேட்டால், ‘ஒரு டம்ளர்’ என்ற பதில் சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. மையத்தில் வழங்கும் பொட்டலத்தையே கையில் கொடுத்துக் கேட்பதுதான் வழி. ‘அஞ்சு டம்ளர்’ என்றால் அந்த டம்ளரைக் காட்டச் சொல்லி, எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்து எழுத வேண்டும்.

எதிர்மறைக் கேள்விகளில் கூடுதல் கவனம் தேவை. “வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாதா?” என்று கேட்டால், ஒருவர் “ஆமாங்க, நிறுத்தக் கூடாது” என்பார். இன்னொருவர் “இல்லைங்க, நிறுத்தக் கூடாது” என்பார். இருவருக்கும் விஷயம் தெரியும். ஆனால் தாளில் ஒருவர் ‘ஆம்’ கட்டத்திலும் மற்றவர் ‘இல்லை’ கட்டத்திலும் விழுவார்கள். “தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இவற்றையெல்லாம் பிடிக்க உதவுவது, கணக்கெடுப்புக்கு முன் அதே வேலையைச் செய்யும் ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து பேசுவது. கேள்வியை வாசித்ததும், “இதில் என்ன கேட்கிறாங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகு, “இதை எப்படி யோசிச்சீங்க?” என்று கேட்க வேண்டும். பரீட்சை வைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் மேலே பேச மாட்டார்கள். அதனால் சோதிப்பது கேள்வியைத்தான், உங்களை அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அப்புறம் கேள்விகளைத் திருத்தி, வேறு சிலரிடம் இன்னொரு சுற்று.

ஓசூர்ப் பக்கம் போல, சிலர் தமிழிலும் சிலர் தெலுங்கிலும் பதில் சொல்லும் இடங்களில் கடைசியாக ஒரு கணக்கும் உண்டு. மொத்த மதிப்பெண் ஏறத்தாழ ஒரே அளவாக உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மொழிவாரியாக ஒவ்வொரு கேள்வியையும் பார்க்க வேண்டும். மற்ற கேள்விகளில் சமமாக இருப்பவர்கள் ஒரே ஒரு கேள்வியில் மட்டும், அதுவும் ஒரு மொழியில் மட்டும் சறுக்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மொழிபெயர்ப்பை. இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, சொல்லில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் இரு குழுக்களின் பயிற்சியில் வித்தியாசம் உண்டா என்று விசாரிக்கலாம். சொல்லில்தான் கோளாறு என்றால், அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத்தான் இரு மொழியினரின் மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும்.