வாசலில் நின்றுபோன சோபா

தளபாடக் கடைகளுக்குப் பேஸ்புக் கப்ஷன் எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்கு முன் ஆறு வருடம் மட்டக்களப்பில் ஒரு சோபாக் கடையில் விற்பனைக்கு நின்றவன். அதனால் ஒரு கப்ஷனை வாசித்தாலே, இதைப் போட்ட கடைக்கு எந்தக் கிழமையில் என்ன சண்டை வரும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஒருவர் அனுப்பிய கப்ஷன் இது:

"புத்தம் புதிய இத்தாலியன் டிசைன் லெதர் எல் சோபா! 5 வருட வாரண்டி! மட்டக்களப்பு எங்கும் இலவச டெலிவரி! விலைக்கு இன்பொக்ஸ் வாங்க."

மூன்று ஆச்சரியக்குறி. அளவு எங்கேயும் இல்லை. பொருள், வாரண்டி, டெலிவரி மூன்றும் அரைகுறை.

முதலில் அளவு. நான் கடையில் நின்ற காலத்தில் களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டுக்கு எல் சோபா ஒன்றை இறக்கினோம். வரவேற்பறை பெரியது, 14 அடிக்கு 12 அடி. சோபா 104 அங்குலத்துக்கு 68 அங்குலம். தாராளமாகக் கொள்ளும் என்று வீட்டுக்காரர் அளந்து பார்த்துத்தான் வாங்கினார். ஆனால் கதவு நிலையை யாரும் அளக்கவில்லை. வெளியளவில் மூன்றடி நிலை, சட்டங்களுக்கு இடையில் 31 அங்குலம்தான். சோபா இரண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டும் ஆழம் 36, உயரம் 33. நிமிர்த்திக் கொண்டுபோனால் 36 வேண்டும், முதுகுப் பக்கம் சாய்த்தால் 33 வேண்டும். எப்படிப் பிடித்தாலும் குறைந்தது இரண்டு அங்குலம் இடிக்கிறது. கால்கள் 4 அங்குலம். கழற்ற முடிந்திருந்தால் 29 ஆகி உள்ளே போயிருக்கும். அந்த மொடலில் கால்களைச் சட்டத்தோடு பசை போட்டு ஆணி அடித்திருந்தார்கள். மார்கழி மழை. அன்றிரவு சோபா விறாந்தையில் சாக்கு மூடிக்கொண்டு நின்றது. திருப்பி ஏற்றிய லொறிக் கூலியை யார் தருவது என்பதில் போன மூன்று நாள் தனிக்கதை.

ஆகவே 'எல் சோபா 9 x 6' என்று போட்டால் போதாது. மொத்த நீளம், ஆழம், உயரம், எத்தனை துண்டாக வரும், கால் கழருமா, இவை எல்லாவற்றையும் எழுதவேண்டும். எங்கள் ஊரில் பழைய வீடுகளின் நிலைகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, அதனால் 'உள்ளே கொண்டுபோக உங்கள் நிலையின் உள்ளளவு இத்தனை அங்குலம் வேண்டும்' என்று கடையே கணக்கைப் போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. எல் சோபா என்றால் நீட்டுப் பகுதி எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். 'இடப்பக்கம்' என்று மட்டும் எழுதினால் உட்கார்ந்திருப்பவரின் இடமா, எதிரே நின்று பார்ப்பவரின் இடமா? 'சோபாவைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம்' என்று எழுதினால் கேள்வியே வராது.

அடுத்தது அந்த 'லெதர்'. 185,000 ரூபா விலையில் அது லெதர் இல்லை என்பது விற்பவருக்கும் தெரியும். துணியின் மேல் பொலியூரிதேன் பூச்சுப் பூசிய சரக்கு அது. வாங்கிய அன்று தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பூச்சை மெல்ல மெல்ல முறிக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கு ஈரத்துக்குக் குறைவே இல்லை. முதலில் தலை சாய்க்கிற இடம், கை வைக்கிற இடம் பொருக்குப் பொருக்காக உரியும். காத்தான்குடிப் பக்கம் ஒரு மாமி உரிந்த துண்டை லேஞ்சியில் முடிந்து கடைக்கே கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "லெதர் எண்டுதானே தம்பி போட்டிருந்தீங்க, மறுகா ஏன் இப்பிடி உரியுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சோபாவைச் சாய்த்து அடிப்பக்கம் ஸ்டேப்ளர் அடித்த இடத்தில் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். பின்புறம் துணி நெசவு தெரிந்தால் பூச்சுச் சரக்கு. நிசத் தோலின் பின்புறம் நெசவு இருக்காது, நார் நாராக இருக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும், பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்வதையும் தடுக்கிறது. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணும் பலருக்குத் தெரியும். ஆனால் நான் கடைக்காரரிடம் சட்டம் பேசுவதில்லை. 'செயற்கைத் தோல்' என்று எழுதச் சொல்வேன், அவ்வளவுதான். அப்படி எழுதி வியாபாரம் குறைந்த கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

மரத்துக்கும் இதே பேச்சு. கை மட்டும் தேக்கு, உள்ளே ப்ளைவுட் என்றால் அப்படியே எழுதலாம்.

வாரண்டி. ஐந்து வருடம் எதற்கு? கேட்டேன். "உள் சட்டம் முறிஞ்சா" என்றார் கடைக்காரர். ஸ்பொஞ்சுக்கு ஒரு வருடம், மேலுறைக்கு ஒன்றுமில்லை. வாங்குகிறவர் நினைப்பதோ முழுச் சோபாவும் ஐந்து வருடத்துக்குக் கடையின் பொறுப்பு என்று. பழுதானால் கடைக்குக் கொண்டுவரும் கூலி யாருடையது என்பதும் எழுதப்படவில்லை. வெள்ளம் புகுந்து ஊறினால்? அதுவும் இல்லை. இங்கே ஐப்பசி தொடங்கித் தை வரை அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

டெலிவரியில் பிரச்சினை ஒரே சொல்லில் இருக்கிறது: 'மட்டக்களப்பு'. கடைக்காரருக்கு அது கல்லடி, ஊறணி, புளியந்தீவு. வாகரையில் இருப்பவருக்கும் துறைநீலாவணையில் இருப்பவருக்கும் அது மாவட்டம். வாகரையிலிருந்து ஒருவர் முழுக்காசும் கட்டிவிட்டு இலவசம் என்று காத்திருந்தார். பட்டா வாகனத்துக்குக் காசு கேட்டதும் கமெண்டில் கிழித்துத் தொங்கவிட்டார். அவர் பக்கம்தான் நியாயம்.

எல்லாம் கேட்டு எழுதிக் கொடுத்தது இது:

"6 பேர் உட்காரும் எல் சோபா, 185,000 ரூபா. மொத்த அளவு 104 x 68 அங்குலம், ஆழம் 36, உயரம் 33. இரண்டு துண்டாக வரும். நீட்டுப் பகுதி, சோபாவைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம். கால்கள் கழரும், கழற்றினால் உயரம் 29, கதவு நிலையின் உள்ளளவு 30 அங்குலம் இருந்தால் போகும். மேலுறை செயற்கைத் தோல், உள் சட்டம் மகோகனி. சட்டத்துக்கு 5 வருடம், ஸ்பொஞ்சுக்கு 1 வருட வாரண்டி. மேலுறைக்கும் வெள்ளச் சேதத்துக்கும் இல்லை. வாரண்டித் திருத்தத்துக்கு ஏற்றி இறக்கும் கூலி எங்களுடையது. மட்டக்களப்பு மாநகர சபை எல்லைக்குள் டெலிவரி இலவசம். ஏறாவூர், செங்கலடி, களுவாஞ்சிக்குடி 2,500 ரூபா. வாழைச்சேனை, கொக்கட்டிச்சோலை, கல்முனை 4,000 ரூபா. மற்ற ஊர்களுக்குக் காசு கட்டமுன் கேளுங்கள். மேல்மாடி என்றால் மாடி ஒன்றுக்கு 1,000 ரூபா."

"நீளம் கூடிப்போச்சே" என்றார் கடைக்காரர். விலையைப் பகிரங்கமாகப் போட்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடை பார்த்துவிடுமாம். பக்கத்துக் கடைக்காரன் ஒரு பொய் ஐடியில் இன்பொக்ஸ் வந்து என்றைக்கோ கேட்டிருப்பான் என்றேன். சிரித்தார், சம்மதித்தார்.

போடமுன் ஒரு வேலை மட்டும் கேட்டேன்: தொழிற்சாலை ஒட்டிய துண்டை நம்பாமல், நாடாவை எடுத்து நீங்களே ஒருக்கால் அளந்து அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் படம் வந்தது. துண்டில் உயரம் 31 என்று இருந்தது. முதுகு மெத்தையைச் சேர்க்காமல் அளந்திருக்கிறார்கள். நாடாவில் 33. கப்ஷனில் போனது அதுதான்.