கிரியாட்டினின் 1.3 தான், ஆனால் இஜிஎஃப்ஆர் 56-ஆ, 63-ஆ?

60 வயது ஆண் ஒருவர் மூன்று லேப்களில் இரத்தம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலுமே கிரியாட்டினின் 1.3 மி.கி./டெ.லி. ஆனால் அதற்கு அடுத்த வரியில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற இடத்தில், ஒரு லேப் 56 என்கிறது, இன்னொன்று 59, மூன்றாவது 63. 60-க்குக் கீழே போனால் குறைவு என்று ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டிருப்பதால், முதல் இரண்டைப் பார்த்தால் கலக்கம், மூன்றாவதைப் பார்த்தால் நிம்மதி. இத்தனைக்கும் மூன்று லேப்களில் எதுவும் தவறு செய்யவில்லை.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. குளோமருலஸ் என்று பெயர். இரண்டு சிறுநீரகங்களின் வடிகட்டிகளும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன என்பதுதான் ஜிஎஃப்ஆர். ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு இது நிமிடத்துக்கு 100 முதல் 125 வரை இருக்கும். வயது ஏற ஏற மெல்லக் குறையும்.

இதை நேரடியாக அளக்கவும் முடியும். இனுலின், அயோஹெக்ஸால் போன்ற ஒரு பொருளை ஊசி மூலம் செலுத்தி, அது இரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று சில மணி நேரம் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இப்படிச் செய்ய முடியாது. அதனால் உடலே தயாரிக்கும் ஒரு பொருளை வைத்து ஊகிக்கிறார்கள். இஜிஎஃப்ஆர் என்பதில் முதலில் இருக்கும் ‘இ’ அந்த ஊகத்தைத்தான் குறிக்கிறது. லேப் அளப்பது கிரியாட்டினினை மட்டுமே. ஜிஎஃப்ஆரை அது அளப்பதே இல்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். ஒரே அளவில் நீர் விழும் குழாயும் அடியில் ஒரு வடிகாலும் உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகால் பாதி அடைபட்டால் நீர்மட்டம் ஏறி, ஒரு புதிய உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைப் பார்த்து வடிகாலின் நிலையை ஊகிக்கலாம். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மட்டம் ஏறி முடிந்து நிலையாக நிற்க வேண்டும். குழாயில் எவ்வளவு விழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இன்று கிரியாட்டினின் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்து இஜிஎஃப்ஆருக்கு அர்த்தமே இல்லை. இரண்டாவது நிபந்தனைக்குத்தான் வயதும் பாலினமும் தேவைப்படுகின்றன. தசை எவ்வளவு இருக்கும் என்பதை அவற்றை வைத்துத் தோராயமாகக் கணிக்கிறார்கள்.

இப்போது அந்த மூன்று எண்களுக்கு வருவோம். 56 சொன்ன லேப் எம்டிஆர்டி என்ற பழைய சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. 1999-இல் வெளியான அதை, ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு உள்ள நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து உருவாக்கினார்கள். அதனால் சிறுநீரகம் ஓரளவு நன்றாகவே இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் குறைத்துச் சொல்லும். ஆரோக்கியமானவர்களின் தரவுகளையும் சேர்த்து 2009-இல் வந்தது சிகேடி-எபி சூத்திரம். 59 அதன் கணக்கு. இந்த இரண்டிலும் கறுப்பினத்தவர் என்றால் விடையை ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டிக் காட்டும் ஏற்பாடு இருந்தது. அது அறிவியல்படியும் சரியில்லை, நியாயமும் இல்லை என்று பெரிய விவாதம் எழுந்தது. அப்புறம் 2021-இல் இனத்தை அடியோடு விட்டுவிட்டுச் சூத்திரத்தைப் புதிதாக எழுதினார்கள். 63 தருவது அதுதான். பழைய சூத்திரத்தில் அந்தப் பெருக்கல் பொருந்தாதவர்களுக்கும் எண் சற்று மாறியதற்குக் காரணம் இதுவே. எல்லா நாடுகளும் புதியதற்கு மாறிவிடவில்லை. ஒரே ஊரில்கூட ஒரு லேப் மாறியிருக்கும், இன்னொரு லேப்பின் மென்பொருளில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆணுக்கு, கிரியாட்டினின் 0.9-க்கு மேல் இருந்தால், 2021 சூத்திரம் இவ்வளவுதான்:

```
eGFR = 142 × (Scr / 0.9)^-1.200 × 0.9938^age
     = 142 × (1.3 / 0.9)^-1.200 × 0.9938^60
     = 142 × 0.643 × 0.689
     ≈ 63
```

Scr என்பது கிரியாட்டினின், age என்பது வயது. வருகிற விடைக்கு அலகு மி.லி./நிமிடம்/1.73 ச.மீ. அந்த 1.73 சராசரி உடல் பரப்பளவு. உருவத்தில் பெரியவரையும் சிறியவரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட அப்படி வைத்திருக்கிறார்கள்.

சூத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குள் போகும் கிரியாட்டினினையும் பார்க்க வேண்டும். இந்த 60 வயதுக்காரருக்கு ஒரு லேப் 1.2 என்று அளந்தால் இஜிஎஃப்ஆர் 69. இன்னொரு லேப் 1.4 என்று அளந்தால் 58. ஒவ்வொரு 0.1-க்கும் ஐந்தாறு புள்ளிகள் தாவுகின்றன. அதே ஆளுக்குக் கிரியாட்டினின் 4.0 ஆக இருந்தால் கதை வேறு. அது 4.1 ஆனாலும் இஜிஎஃப்ஆர் அரைப் புள்ளிதான் குறையும். இரண்டையும் முழு எண்ணாக்கினால் 16 தான். ஆக, நோய் முற்றியவர்களின் ரிப்போர்ட்டில் லேப்புக்கு லேப் பெரிய வித்தியாசம் தெரியாது. 60-க்குப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் இந்த ஆட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, கிரியாட்டினின் அளவே ஏன் மாற வேண்டும்? அதை அளக்க இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று ஜாஃபே முறை, 1886-ஆம் ஆண்டு கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டது, செலவு குறைவு. காரக் கரைசலில் பிக்ரேட் என்ற மஞ்சள் வேதிப்பொருளைச் சேர்த்தால் அது கிரியாட்டினினோடு வினைபுரிந்து ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு கிரியாட்டினின். சிக்கல் என்னவென்றால், புரதம், குளுக்கோஸ், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் ஆகியவற்றோடும் பிக்ரேட் கொஞ்சம் வினைபுரியும். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் போய் இரத்தத்தில் கீட்டோன் சேர்ந்தவருக்குக் கிரியாட்டினின் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மஞ்சள் காமாலை உள்ளவருக்கு பிலிருபின் குறுக்கிட்டுக் குறைத்துக் காட்டும். இன்னொன்று என்ஸைம் முறை. அதற்குச் செலவு அதிகம், ஆனால் இந்தக் குறுக்கீடுகள் பெரும்பாலும் இல்லை. சாதாரணமாக இருப்பவருக்கு இரண்டு முறைகளும் நெருங்கியே வரும், ஏனென்றால் உலகம் முழுக்க ஒரே தர அளவோடு பொருத்தும் பழக்கம் வந்துவிட்டது. வித்தியாசம் பெரிதாவது உடம்பு சரியில்லாத நாளில்தான்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படாது. ரிப்போர்ட்டில் 1.3 என்று அச்சாகியிருந்தாலும் கருவி அளந்தது 1.25 ஆகவோ 1.34 ஆகவோ இருந்திருக்கலாம். 1.25-க்கு இஜிஎஃப்ஆர் 66, 1.34-க்கு 61. முழு அளவை வைத்துக் கணக்கிடும் லேப்பும், சுருக்கிய 1.3-ஐ வைத்துக் கணக்கிடும் லேப்பும் ஒரே சூத்திரத்தில்கூட வேறு வேறு விடை தரும். இதைவிட மோசமானது பதிவு செய்யும் இடத்தில் நடக்கும் பிழை. ஆண் என்பதற்குப் பதில் பெண் என்று தட்டச்சாகிவிட்டால், 1.3-க்கு 63 வர வேண்டிய இடத்தில் 47 வந்து நிற்கும். எண் கண்டபடி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரிப்போர்ட்டின் தலைப்பில் உள்ள வயதையும் பாலினத்தையும்தான்.

ஆளே மாறுவதும் உண்டு. முந்தின வேளை வெந்த இறைச்சியை நிறையச் சாப்பிட்டால் கிரியாட்டினின் சில மணி நேரம் ஏறும். தண்ணீர் போதவில்லை என்றாலும் ஏறலாம். டிரைமெத்தோப்ரிம் என்ற மருந்து, வடிகட்டலைத் தொடாமலே, சிறுநீரகக் குழாய்கள் கிரியாட்டினினை வெளியே தள்ளுவதை மட்டும் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். எதுவுமே இல்லாத நாளில்கூட ஒரே ஆளின் கிரியாட்டினின் ஐந்து சதவீதம் அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். இதோடு கருவியின் ஆட்டமும் சேர்வதால், இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 15 சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை உண்மையான மாற்றம் என்று சொல்வது கடினம்.

ஆகவே இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் இஜிஎஃப்ஆரை நேராக ஒப்பிடக் கூடாது. கிரியாட்டினினை எடுத்து, இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த 60 வயதுக்காரரின் பழைய ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.26, இஜிஎஃப்ஆர் 65; புதியதில் 1.30, 56 என்று இருக்கட்டும். ஒன்பது புள்ளி சரிந்ததுபோலத் தெரிகிறது. ஆனால் பழையது 2021 சூத்திரம், புதியது எம்டிஆர்டி. இரண்டையும் 2021-இல் போட்டால் 65-உம் 63-உம் வரும். கிரியாட்டினின் மூன்று சதவீதம்தான் ஏறியிருக்கிறது. அது வழக்கமான ஆட்டம்தான். அதே லேப்பில் 1.3 என்பது 1.6 ஆகியிருந்தால் 23 சதவீத ஏற்றம். ஒரே சூத்திரத்தில் 63 இருந்தது 49 ஆகும். அதை விட்டுவிடக் கூடாது, சீக்கிரமே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் இந்தச் சூத்திரங்களை நேரடியாக அளந்த ஜிஎஃப்ஆரோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 பேர்தான் 30 சதவீத வித்தியாசத்துக்குள் வருகிறார்கள். தசை வழக்கத்துக்கு மாறாக உள்ளவர்களிடம் பிழை இன்னும் கூடும். உடற்பயிற்சி செய்து தசையை வளர்த்தவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தும் எண் குறைந்து தெரியும். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து மெலிந்தவருக்கோ சிறுநீரகம் பாதி போயிருந்தும் எண் நன்றாகவே தெரியும். இரண்டாவதுதான் ஆபத்து, யாருக்கும் சந்தேகம் வராது என்பதால். இப்படிப்பட்டவர்களுக்குச் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு புரதத்தை அளக்கலாம். தசையோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. ஆனால் தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதை மாற்றும். அதனால் கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தையே பெரும்பாலும் நம்புகிறார்கள்.

59-ஆ 63-ஆ என்று எல்லைக் கோட்டில் நிற்பவருக்கு டாக்டர் இரண்டு காரியங்கள் செய்வார். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல 60-க்குக் கீழான எண் குறைந்தது மூன்று மாதம் நீடிக்க வேண்டும் என்பதால் திரும்பச் சோதிக்கச் சொல்வார், முடிந்தால் அதே லேப்பில். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்ப்பார். சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி. அல்புமினோ அதற்கு மேலோ கசிந்துகொண்டிருந்து, அது மூன்று மாதம் நீடித்தால், இஜிஎஃப்ஆர் 63 என்று வந்தாலும் நோய்தான்.