ஏசி இல்லாத சூடான அறையில் பி.எல்.ஏ பிரிண்ட்: குறை எந்த உயரத்தில் வருகிறது என்று பாருங்கள்

கோடை வந்ததும் 3டி பிரிண்டிங் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அதே ஃபிலமென்ட், அதே செட்டிங், போன மாதம் வரை நன்றாகத்தான் வந்தது. இப்போது ஓரமெல்லாம் சுருண்டு நிற்கிறது. நாசில் அடைத்துவிட்டதா?" பெரும்பாலும் நாசிலில் ஒன்றும் இருக்காது. மாறியது அறையின் காற்றுதான்.

பி.எல்.ஏ என்ற பிளாஸ்டிக் 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கிவிடும். நாசிலிலிருந்து 200 டிகிரிக்கு மேல் சூடாக வெளியே வரும் இழை, அடுத்த லேயர் அதன் மேல் விழுவதற்குள் அந்த எல்லைக்குக் கீழே இறங்கியாக வேண்டும். அதை இறக்குவது பிரிண்ட் ஹெட்டில் இருக்கும் கூலிங் ஃபேன். அந்த ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் காற்றை எடுத்து ஊதுகிறது, அவ்வளவுதான். காற்று 24 டிகிரியில் இருந்தால் இளகும் எல்லைக்கும் அதற்கும் இடையே சுமார் 36 டிகிரி இடைவெளி இருக்கிறது. அதுவே 42 டிகிரி என்றால் 18தான். எல்லையை நெருங்கும் நேரத்தில், அதாவது இழை உறைய வேண்டிய அந்தக் கடைசிக் கட்டத்தில், குளிரும் வேகம் பாதியாகிவிடுகிறது. ஃபேன் ஏற்கெனவே 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் கூட்ட ஒன்றும் இல்லை.

42 டிகிரி அறையா என்று கேட்கலாம். அறை 37தான் இருக்கும். ஆனால் ஃபேன் காற்றை உறிஞ்சும் இடம் சுவர் ஓரத்தில் இல்லையே, பிரிண்ட் உட்கார்ந்திருக்கும் சூடான பெட்டுக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பாதீர்கள். கம்பி வைத்த சிறு டிஜிட்டல் வெப்பமானியின் முனையை ஃபேனின் உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, பிரிண்ட் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

இனி ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கான சென்சார் கூடு. 40 மில்லிமீட்டர் சதுரம், 30 மில்லிமீட்டர் உயரம். அடி விளிம்பு 45 டிகிரியில் வெளிப்பக்கம் சரிந்து ஏறும். மேலே ஒரு மூலையில் 8 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குச்சி. பெட் 60, நாசில் 210, ஃபேன் முழு வேகம். மதிய நேரம், அறை 37, ஃபேன் வாயில் 43.

வந்த பிரிண்டைத் திருப்பிப் பார்த்தால் மூன்று விதமாக இருந்தது. அடியில் சரிவான பகுதியின் மூலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. நாசில் அவற்றின் மேல் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டு போன தடம் தெரிந்தது. நடுச்சுவர் சுத்தமாக இருந்தது. உச்சியில் குச்சி மெழுகு வழிந்த மாதிரி உருக்குலைந்து நின்றது. ஒரே அறை, ஒரே ஃபிலமென்ட்தான், ஆனால் அடியில் வந்த குறைக்கும் உச்சியில் வந்த குறைக்கும் காரணம் வேறு. நாசில் வெப்பத்தைக் கண்டபடி குறைத்துப் பார்ப்பதற்கு முன்னால், குறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள் என நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடிப்பகுதிக் குறைக்குக் காரணம் பெட். முதல் 10, 15 மில்லிமீட்டர் வரை பெட்டின் சூடு பிரிண்டுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். 60 டிகிரி பெட் என்றால் அந்தப் பகுதியை இளகும் எல்லையிலேயே பிடித்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மேலே விழும் புது இழை குளிர்ந்து சுருங்கும்போது இழுக்கிறது. கீழே இருப்பது இன்னும் மெத்தென்று இருப்பதால் அந்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கிறது. ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகள்தான் முதலில் தூக்கும்.

முதல் லேயர் ஒட்டுவதற்குத்தான் பெட் சூடு முக்கியம். பி.எல்.ஏ ஒட்டிவிட்டால் அப்புறம் 60 தேவையில்லை. பிரிண்டருக்கான கட்டளைகளைத் தயாரிக்கும் ஸ்லைசர் மென்பொருளில் முதல் லேயருக்கு ஒரு வெப்பமும் மற்ற லேயர்களுக்கு ஒரு வெப்பமும் தனித்தனியாகக் கொடுக்க இடம் இருக்கும். இந்தக் கூட்டுக்கு முதல் லேயர் 57, மற்றவை 48 என்று வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டிலேயே இறக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பிரிண்டருக்கு இந்த ஒரு கட்டளை வரியை அனுப்பினால் போதும்:

```
M140 S48
```

அறை சூடாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. சுற்றுக் காற்றுக்கும் பெட்டுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் மூலை பெயர்ந்து எழும் ஆபத்தும் குறைவு. குளிர்ந்த அறையில் 48 வைக்கத் தயங்குவேன். 37 டிகிரி அறையில் தயங்க வேண்டியதில்லை. பிளேட் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். விரல் எண்ணெய் படிந்த பிளேட்டில் பெட் வெப்பத்தை இறக்கினால் பிரிண்ட் நடுவழியில் பெயர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டால் போதும். 45க்குக் கீழே போவதை நான் பரிந்துரைப்பதில்லை, பெரிய தட்டையான பொருள்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

பெட்டை இறக்கியதில் அடிச்சரிவு சுத்தமாகிவிட்டது. கூடவே ஃபேன் வாயிலும் ஓரிரு டிகிரி குறைந்தது. ஆனால் குச்சி அப்படியே இருந்தது. பெட்டிலிருந்து 30 மில்லிமீட்டர் மேலே இருப்பதற்குப் பெட்டைக் குறை சொல்ல முடியாது. அங்கே பிரச்சினை நேரம். அவ்வளவு சிறிய வட்டத்தை நாசில் சில விநாடியில் முடித்துவிட்டு, இளகலாக இருக்கும் லேயரின் மேலேயே அடுத்ததைப் போடுகிறது.

இதற்காகத்தான் ஸ்லைசரில் குறைந்தபட்ச லேயர் நேரம் என்ற செட்டிங் இருக்கிறது. அது 8 விநாடி என்று இருந்ததை 16 ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. காரணம் இன்னொரு செட்டிங்: குறைந்தபட்ச வேகம். அது விநாடிக்கு 10 மில்லிமீட்டர் என்று இருந்தது. குச்சியின் ஒரு லேயரில் மொத்தம் 80 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இழை போகிறது. 10 மில்லிமீட்டர் வேகத்தில் அது 8 விநாடியில் முடிந்துவிடும். அதற்குக் கீழே வேகத்தைக் குறைக்க ஸ்லைசருக்கு அனுமதி இல்லாததால் 16 என்ற எண்ணை அது கண்டுகொள்ளவே இல்லை. பலர் லேயர் நேரத்தை ஏற்றிவிட்டுப் பயனில்லை என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் குறைந்தபட்ச வேகத்தையும் குறைத்துவிடலாமே என்று தோன்றும். சிறிய பாகங்களுக்கு நான் அதைச் செய்வதில்லை. 200 டிகிரி நாசில் அந்தக் குச்சியின் தலைமேலேயே மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். குளிர நேரம் கொடுக்கிறோம் என்று நினைத்துப் பக்கத்திலேயே அடுப்பை வைத்த கதையாகிவிடும். நல்ல வழி, பிளேட்டில் இரண்டு கூடுகளைத் தள்ளித்தள்ளி வைத்து ஒன்றாக அடிப்பது. ஒரு குச்சியில் வேலை நடக்கும்போது மற்றொன்று நாசில் இல்லாமல் 8 விநாடி ஆறுகிறது. இரண்டாவது கூடு தேவையில்லை என்றால் அதே உயரத்துக்கு ஒரு சும்மாத் தூணை வைத்தாலும் போதும். கூடவே நாசிலை 210லிருந்து 200க்கு இறக்கினேன். குச்சி நேராக வந்தது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நூல் இழுத்திருந்தது, கையால் தேய்த்தால் போகிற அளவுதான்.

இப்போது அறைக் காற்று. பிரிண்டர் மூன்று பக்கமும் அடைத்த அலமாரித் தட்டில் இருந்தது. அங்கே பெட் சூடாக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் அதே இடத்தில் சுற்றி, ஃபேன் அதையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். வெளியே எடுத்துத் திறந்த மேசையில் வைத்ததும் ஃபேன் வாயில் இன்னும் இரண்டு டிகிரி இறங்கியது. மூடிய பெட்டி வடிவப் பிரிண்டர் என்றால் பி.எல்.ஏ அடிக்கும்போது கதவையும் மேல்மூடியையும் எடுத்துவிடுங்கள். ஏ.பி.எஸ் என்றால் நேர் எதிர்: மூடியே வைக்க வேண்டும், சூடான அறை அதற்கு உதவியே செய்யும்.

டேபிள் ஃபேனைப் பிரிண்டரின் மேல் நேராகத் திருப்பி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காற்று படுகிற பக்கத்து மூலை மட்டும் சீக்கிரம் குளிர்ந்து பெயரும். நாசிலின் வெப்பம் மேலும் கீழும் ஆடும். காற்று பலமாக அடித்தால் ஹீட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் பிரிண்டர் THERMAL RUNAWAY என்று காட்டி நின்றுவிடவும் வாய்ப்புண்டு. அந்தப் பாதுகாப்பை மென்பொருளில் அணைத்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது தீ விபத்தைத் தடுப்பதற்காக வைத்தது, அதில் கைவைக்கவே கூடாது.

டேபிள் ஃபேனை இரண்டு மீட்டர் தள்ளி, பிரிண்டரைத் தாண்டிப் போகிற மாதிரி ஜன்னலை நோக்கி வையுங்கள். பிரிண்டரைச் சுற்றித் தேங்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: லேசாக அசைந்தால் சரி, படபடத்தால் அதிகம். எப்படி வைத்தாலும் ஃபேன் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறையே 37 என்றால் 37தான் எட்டக்கூடிய எல்லை. நுணுக்கமான வேலைகளை இரவு பத்துக்கு மேலோ விடியற்காலையிலோ ஓட்டுவது இதற்காகத்தான்.

குறை எந்த உயரத்திலும் அடங்காமல், ஒரு மணி நேரம் கழித்து இழை மெலிந்து, ஃபிலமென்ட்டைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் டக்டக்கென்று ஒலித்தால் அது வேறு நோய். ஃபிலமென்ட் உருக வேண்டிய இடத்துக்கு மேலேயே இளகிவிடுகிறது. அதை வெளியே இழுத்து முனையைப் பாருங்கள்: நுனிக்கு மேலே தடித்துப் போயிருந்தால் நாசிலுக்கு மேல் பகுதியைக் குளிர்விக்கும் ஹாட்எண்ட் ஃபேன் தூசியடைத்திருக்கிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று முதலில் சோதியுங்கள். முனை சரியாக இருந்து, பல்சக்கரம் கடிக்கும் இடத்தில் நசுங்கியிருந்தால் எக்ஸ்ட்ரூடர் மோட்டாரின் சூடு காரணம். தொட்டால் கையை எடுக்க வைக்கிற சூடு இருந்தால் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைச் சிறிது குறைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஃபேன் வாயில் 45ஐத் தாண்டினால் அன்று பி.எல்.ஏவில் சரிவும் நுணுக்கமும் உள்ள வேலையை நான் எடுப்பதில்லை. சுமார் 80 டிகிரியில் இளகும் பி.இ.டி.ஜிக்கு மாறிவிடுவேன், வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டால்.

பிரிண்ட் முடிந்ததும் அவசரப்படாதீர்கள். சூடான அறையில் பெட் ஆற வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். இளஞ்சூட்டில் பிய்த்தெடுத்தால் மெல்லிய அடிப்பகுதி வளைந்து அப்படியே உறைந்துவிடும். காந்த பிளேட் என்றால் பிரிண்டோடு சேர்த்துக் கழற்றித் தரையில் வையுங்கள். தளம் சூட்டை இழுத்துக்கொள்ளும், சில நிமிடங்களில் பிரிண்ட் தானாகவே விட்டுக்கொடுக்கும்.