ஃபோர்ட்நைட்: பதினைந்து நாளா, இரண்டு வாரமா?

மெல்பர்னுக்கு வீடு மாறிய என் தம்பி ஒரு வாடகை ஒப்பந்தத்தின் தமிழ்ச் சுருக்கத்தை அனுப்பினான். ‘வாடகை 600 டாலர், மாதம் இருமுறை’ என்று அதில் இருந்தது. 2025 ஜனவரி 3 வெள்ளிக்கிழமை முதல் தவணை, 17ஆம் தேதி இரண்டாவது. 31ஆம் தேதி மூன்றாவது தவணையும் கேட்டார்கள். “அக்கா, ரெண்டு தடவைன்னுதானே எழுதியிருக்கு?” என்றான். ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ஃபோர்ட்நைட். அதை ‘மாதம் இருமுறை’ என்று பெயர்ப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’ என்ற தொடர் சுருங்கி வந்த சொல் இது. நாளை இரவால் எண்ணிய வழக்கத்தின் மிச்சம். ‘ஏழு இரவு’ என்று வாரத்துக்கும் ஒரு சொல் இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது. ஃபோர்ட்நைட் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றும் அன்றாடச் சொல். அமெரிக்கர்கள் அதிகம் சொல்வதில்லை.

பொருள் பதினான்கு நாள், அவ்வளவுதான். வெள்ளியில் தொடங்கினால் வெள்ளியிலேயே வந்து நிற்கும். கிழமை மாறாது என்பதே இந்தச் சொல்லின் உயிர். மாதத்தோடு அதற்கு உறவே இல்லை. ஆண்டுக்கு 26 தவணை, மாதம் இருமுறை என்றால் 24. தம்பி 14,400 டாலர் என்று கணக்குப் போட்டிருந்தான், கட்ட வேண்டியது 15,600. அந்த ஆண்டு ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மும்மூன்று தவணை விழுந்தது. 1, 16 தேதிகளில் வரும் பத்திரிகை தன்னை ‘மாதமிருமுறை’ என்று சொல்லிக்கொள்வது சரி. வாடகைக்கு அது சரியில்லை.

சரி, தூய தமிழில் ‘அரைத்திங்கள்’ என்று சொல்லலாமே என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. முதலாவது, அரை மாதம் என்றாலே மறுபடியும் 24 தான். பிழையை வேறு சொல்லில் எழுதியதாகத்தான் ஆகும். இரண்டாவது, திங்கள் என்பது கிழமையும்கூட. கிழமை மாறாததையே உயிராகக் கொண்ட ஒரு சொல்லைப் பெயர்க்கும்போது அதில் இன்னொரு கிழமையைக் கொண்டுவந்து வைப்பது என்ன நியாயம்? வடசொல்லே போதும் என்பவர்கள் ‘பட்சம்’ என்கிறார்கள். பட்சம் நிலவைப் பார்த்து நடப்பது. பதினைந்து திதி சேர்ந்தாலும் அதன் நீளம் பதினான்கே முக்கால் நாள் அளவுக்குத்தான் வரும். இந்த அமாவாசை வெள்ளியில் வந்தது என்பதற்காகப் பௌர்ணமியும் வெள்ளியில்தான் வரும் என்றில்லை. தூய்மை வேண்டும்தான். ஆனால் படிப்பவர் தவணைத் தேதியைத் தவறவிட்ட பிறகு அந்தத் தூய்மையால் யாருக்கு லாபம்?

‘பதினைந்து நாளைக்கு ஒருமுறை’ என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பேச்சில் அது பிழையில்லை. ‘வெள்ளியோட வெள்ளி எட்டு’ என்கிறோம். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணும் வழக்கம் அது. அப்படி எண்ணினால் ஜனவரி 3 முதல் நாள், 17 பதினைந்தாம் நாள். பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்கிறார்கள். வெல்ஷ் மொழியில் வாரம் ‘எட்டு இரவு’, இரண்டு வாரம் ‘பதினைந்து இரவு’. இந்தப் பேச்சுவழக்கை எடுத்து ‘15 நாட்கள் கழித்து’ என்று எழுதும்போதுதான் கெடுகிறது. கழித்து என்றதும் படிப்பவர் மறுநாளிலிருந்து எண்ணுவார், 18ஆம் தேதி சனிக்கிழமையில் போய் நிற்பார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் நழுவிக்கொண்டே போகும்.

நான் எழுதுவது ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை’. பேச்சில் ‘ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்’. ‘வாரம்’ என்ற சொல் உள்ளே இருந்தாலே கிழமை காப்பாற்றப்பட்டுவிடும். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘இருவாரம்’ இருக்கிறது. ஆனால் ‘இருவாரமுறை’ என்று ஒட்டிவிடாதீர்கள், வாரம் இருமுறை என்று மாற்றிப் படித்துவிடுவார்கள்.

‘அடுத்த வெள்ளி’யும் இதே நோய்தான். புதன்கிழமை அப்படிச் சொன்னால் ஒருவருக்கு அது நாளை மறுநாள், இன்னொருவருக்கு ஒன்பது நாள் தள்ளி. ஆங்கிலத்திலேயே தீராத குழப்பத்தை அப்படியே தமிழில் இறக்கிவிடுகிறார்கள். நம்மிடம் ‘வர்ற வெள்ளி’ இருக்கிறது, அதைத் தாண்டினால் ‘வெள்ளி கழிச்சு வெள்ளி’ இருக்கிறது. அதே வெள்ளிக்கிழமையன்று பேசினால் மட்டும் ‘வர்ற வெள்ளி’யும் தடுமாறும். ஞாயிறன்று ‘வருகிற ஞாயிறு’ என்று அழைப்பிதழில் போடுபவர்கள் பக்கத்தில் தேதியையும் போட வேண்டும். மூலத்தில் தேதி இல்லையென்றால் மொழிபெயர்ப்பவர் ஊகிக்கக் கூடாது. எழுதியவரிடமே கேட்டுவிட வேண்டும், ஒரு போன் போதும்.

தம்பியின் சுருக்கத்தில் அந்த வரியை இப்படித் திருத்திக் கொடுத்தேன்: ‘வாடகை 600 டாலர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைகளில். முதல் தவணை 3.1.2025, அடுத்தது 17.1.2025, அதற்கடுத்தது 31.1.2025.’