பைக்குள் தேங்கும் நீர்: கொழும்பில் ஒரு நாற்றுப்பண்ணையின் கணக்கு

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு காலங்களில் கன்றுகள் சாகும். ஜனவரி, பெப்ரவரியில் சாவது வறட்சியால் என்று எல்லோருக்கும் தெரியும். ஒக்டோபர், நவம்பரில் சாவதற்கு நோய், பூச்சி, மோசமான விதை என்று பல காரணங்கள் சொல்லப்படும். பெரும்பாலும் காரணம் பையின் அடியில்தான் இருக்கிறது.

மண்கலவை நிரப்பிய பொலித்தீன் பைக்கு நிறைய நீர் ஊற்றி, சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு பையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் மறுபடியும் நீர் வடியும். கலவையின் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அடியில் ஓர் அடுக்கு எப்போதும் நீர் நிறைந்தே நிற்கிறது. அந்த அடுக்கின் உயரத்தைக் கலவையின் நுணுக்கம் தீர்மானிக்கிறது, பையின் உயரம் அல்ல. தும்புத்தூளும் மெல்லிய மண்ணும் கலந்த கலவையில் அது 4 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்றிமீற்றர் உயரப் பையில் அது ஐந்தில் ஒரு பங்கு. 10 சென்றிமீற்றர் பையில் ஐந்தில் இரண்டு பங்கு. சிறிய பையில் இருக்கும் இளங்கன்று மழையில் முதலில் போவது இதனால்தான். அடியில் கல் போட்டால் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். கல் போட்டால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்கு மிஞ்சும் இடம் இன்னும் குறையும். செய்ய வேண்டியது கலவையையே சொரசொரப்பாக்குவது. தூளுடன் தும்புத் துண்டுகளையோ கருகிய உமியையோ சேர்க்கலாம். பைகளைச் சேற்றுத் தரையில் வைக்காமல் சல்லிக்கல் பரப்பின்மேல் வைத்தால் துளைகள் அடைபடாது.

நீரில் ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். ஈர அடுக்கில் இருக்கும் வேர் மூச்சு முட்டி நலிகிறது. பித்தியம், பைத்தோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகளின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை என்பதால், அந்த நலிந்த வேரை அவை எளிதாகப் பிடித்துக்கொள்கின்றன. வேர் செயலிழந்தால் நீர் மேலே ஏறாது, இலை வாடும். வாடுவதைக் கண்டவர் இன்னும் நீர் ஊற்றுவார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான கன்றுகள் போகின்றன. வாடிய கன்றைக் கண்டால் முதலில் பையைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் நீர் ஊற்றாமல் வேரைப் பாருங்கள். மண்ணிறமான வேரை விரலால் இழுக்கும்போது மேல்தோல் கழன்று நடு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகல். அந்தப் பையை வரிசையிலிருந்து உடனே அகற்ற வேண்டும். அதன் கழிவுநீர் பக்கத்துப் பைகளுக்குப் போகக்கூடாது.

பருவகாலச் சரக்கைத் திட்டமிடும்போது இதை மனதில் வைக்க வேண்டும். தீபாவளிக்குப் பூத்த செவ்வந்தி வேண்டுமென்றால் ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன், ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பரிலோ விதைக்க வேண்டும். அதன் கடைசி வாரங்கள் ஆண்டின் கனத்த மழையில் விழும். அந்தத் தொகுதிக்கு மட்டுமாவது தெளிவான பொலித்தீன் கூரை தேவை. நிழல் வலை மழையைத் தடுக்காது. மாறாக, கடதாசிப்பூ காய்ந்த காலத்தில்தான் நன்றாகப் பூக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அதை முன்வரிசையில் வைக்கலாம். குரோட்டன், வெட்சி, செவ்வரத்தை போன்ற தோட்டச் செடிகள் அதிகம் போவது ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், நடுகை மழையோடு. அவற்றின் தண்டுத் துண்டுகளை நாலைந்து மாதங்கள் முன்பே வைத்திருக்க வேண்டும்.

இனி வறண்ட காலத்துக்கு வருவோம். ஒரு பைக்கு ஒரு நாளில் எவ்வளவு நீர் வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சமையலறைத் தராசு போதும். மாலையில் நிறைய நீர் ஊற்றி அரை மணி வடியவிட்டு நிறுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி நிறுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலீற்றர் நீர். வரிசையின் ஓரத்திலும் நடுவிலும் சில பைகளை எடுத்துப் பாருங்கள். ஓரத்துப் பை எப்போதும் கூடுதலாக இழக்கும்.

15 சென்றிமீற்றர் விட்டமுள்ள 3000 பைகளை எடுத்துக்கொள்வோம். தராசு பைக்கு 200 மில்லிலீற்றர் காட்டினால் நாளுக்கு 600 லீற்றர், 1000 லீற்றர் ஒரு யுனிற் என்ற கணக்கில் மாதத்துக்கு 18 யுனிற் போதும். ஆனால் பைகளை 20 சென்றிமீற்றர் இடைவெளியில் (நடுவிலிருந்து நடுவுக்கு) வைத்து மேலிருந்து ஹோஸ் பிடித்தால், நிலப்பரப்பில் பைவாய்களின் பங்கு 44 வீதம்தான். மிச்சம் தரைக்குப் போகும். அதே கன்றுகளுக்கு நாளுக்கு 1360 லீற்றர், மாதத்துக்கு 41 யுனிற் செலவாகும். பைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் பங்கு 78 வீதமாகி, செலவு 23 யுனிற்றுக்கு இறங்கும். இது இளங்கன்றுக்கே பொருந்தும். இலைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கியதும் இடம் விட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்று ஒல்லியாக உயர்ந்து பூஞ்சணமும் வரும். அப்போதிலிருந்து ஹோஸை நிறுத்தி, ஒவ்வொரு பையின் வாயிலும் ஊற்றுவதோ சொட்டுக் குழாய் போடுவதோ நல்லது. உங்கள் நீர்க் கட்டணச் சீட்டில் உள்ள யுனிற் விலையால் இந்த வித்தியாசத்தைப் பெருக்கினால் சொட்டுக் குழாயை வாங்கலாமா என்பது தெரிந்துவிடும்.

மழைநீர் எவ்வளவு உதவும்? 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை 100 லீற்றர். கொழும்பில் ஜனவரியில் சராசரியாக 60 மில்லிமீற்றர் அளவே பெய்கிறது. 80 வீதம் பிடித்தாலும் 4800 லீற்றர், எட்டு நாள் தேவை. ஏப்ரலில் அதே கூரை முழு மாதத்தையும் தாங்கும். தொட்டியை நுளம்பு நுழையாத வலையால் மூட வேண்டும். கன்றுகளின் அடித்தட்டுகளில் நீர் தேங்கக்கூடாது. டெங்கு உள்ள நகரில் இதில் தளர்வு கூடாது.

இழப்பை விலையில் ஏற்றும் வழி எளிது. பை ஒன்றுக்கு 120 ரூபா செலவென்று கொள்வோம். 1000 பை வைத்து 850 தேறினால் விற்கும் பை ஒன்றின் அடக்கம் 141 ரூபா. ஆனால் எப்போது செத்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். முதல் வாரத்தில் செத்த துண்டு சில ரூபாவோடு போகும். விற்கும் தறுவாயில் செத்தது முழுச் செலவையும் மாதக்கணக்கில் பிடித்த இடத்தையும் கொண்டு போகும்.

தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இழப்பு வேறு வடிவில் வரும். தும்புத்தூளில் வளர்ந்த கன்றைக் கபுக் மண்ணில் நட்டால், சுற்றி மண் ஈரமாக இருக்கும்போதே வேர்ப்பந்து காய்ந்துபோகும். வேர்கள் வெளியே பரவும்வரை இலை உறிஞ்சும் நீர் முழுவதும் அந்தச் சிறு பந்திலிருந்தே வர வேண்டும். எனவே முதல் மூன்று வாரம் நீரைத் தண்டடியில், பந்தின் மேலேயே ஊற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் மாற்றுக் கன்று உத்தரவாதம் கொடுத்தால், அந்த மூன்று வாரம் நீர் ஊற்றுவது யார் என்பதை எழுத்தில் வையுங்கள்.

புல்லுக்கும் அப்படியே. 10 பேர்ச் புல்தரை ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வறண்ட நாளில் 5 மில்லிமீற்றர் இழந்தால் 1265 லீற்றர். மாதத்துக்கு 38 யுனிற், வாடிக்கையாளரின் நீர்க் கட்டணத்தில் ஏறும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெப்ரவரியில் சண்டை வரும்.

ஜனவரியில் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் மாதம் இரண்டு வருகை போதுமென்று நினைப்பார். ஏப்ரல், மே, ஜூன், ஒக்டோபர், நவம்பரில் வாரந்தோறும் புல் வெட்ட வேண்டிவரும். ஏழு மாதம் இரண்டு, ஐந்து மாதம் நான்கு என்றால் ஆண்டுக்கு 34 வருகை. 24 வருகைக்கு விலை பேசியவர் பத்து நாள் கூலியையும் போக்குவரத்தையும் தன் கையிலிருந்து கொடுப்பார். ஆகவே 34ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாத விலையை அதன்மேல் வையுங்கள். 60 செடி நட்டால், அதில் ஆறைத் திரும்ப நடும் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.