சிறுமலை வாழைக்கு வைத்த பெயர்

திண்டுக்கல் மாவட்டம் சிறுமலையில் நான்கு ஏக்கரில் மலைவாழை பயிரிடும் குடும்பம் ஒன்று, தாரை மண்டியில் போடாமல் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் நேரடியாக விற்க முடிவு செய்து, 'சிறுமலை ஃப்ரெஷ்' என்ற பெயரோடு என்னிடம் வந்தது. வணிகப் பெயர்களைப் பதிவு செய்து தரும் பணியில் இதைப் போன்ற பெயர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓர் ஊர், அதை அடுத்து ஒரு குணம். நம்பிக்கை தரும் பெயர் என்று தோன்றினாலும், அதன் இரண்டு பாதிகளுமே அவர்களுக்கு எதிராக வேலை செய்யக்கூடியவை.

முதலில் 'ஃப்ரெஷ்'. மலைவாழையின் தோல் பழுக்கப் பழுக்கச் சுருங்கிக் கறுக்கும். உள்ளே சதை கெட்டியாகவே இருந்து இனிப்பு ஏறும். பழநிப் பஞ்சாமிர்தத்திற்கு இதன் உறவான விருப்பாட்சி மலைவாழையை வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் முதன்முறையாக வாங்குபவருக்குத் தெரியாது. பெயரிலேயே 'ஃப்ரெஷ்' என்று எழுதி, சுருங்கிய தோலுடன் பழத்தைக் கொடுத்தால், பெயரே பழத்தின்மீது புகார் சொல்வதாக ஆகிவிடும். அக்குடும்பம் சோதனையாக அனுப்பிய முதல் இரண்டு நடைகளில் திரும்பி வந்த சீப்புகள் பெரும்பாலும் சாப்பிடுவதற்கு மிகச் சரியான பக்குவத்தில் இருந்தவை. பின்னாளில் சிப்ஸ் போடும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகளின்படி, பதப்படுத்திய பொருளுக்கு 'ஃப்ரெஷ்' என்ற சொல்லைத் தன்மையாகச் சொல்லிக்கொள்ள முடியாது; வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் வகையில் அது வணிகப் பெயரில் வந்தால், 'இது பெயர் மட்டுமே' என்ற அறிவிப்பையும் பையில் அச்சிட வேண்டும். புதுமையைச் சொல்ல ஒரு தேதியே போதும். 'வெட்டிய நாள்' என்ற ஒரு வரியையும், 'தோல் கறுத்த பின் சாப்பிடவும்' என்ற குறிப்பையும் காம்பில் கட்டும் அட்டையில் போடச் சொன்னேன்.

அடுத்தது 'சிறுமலை'. வணிகக்குறிச் சட்டம் 1999இன் 9ஆம் பிரிவு, பொருளின் வகை, தரம், விளையுமிடம் ஆகியவற்றை மட்டுமே குறிக்கும் சொற்களைப் பொதுவாகத் தனியொருவருக்குப் பதிவு செய்து தருவதில்லை. மலையில் தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தச் சொல் வேண்டும் என்பதே காரணம். அதற்கு மேல், சிறுமலை மலைவாழை 2008இலேயே புவிசார் குறியீடு பெற்றது. எனவே அப்பெயரைச் சொந்தமாக்கிக்கொள்ள முயல்வதைவிட, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சேர்ந்து, அதை முகவரியைப் போல அட்டையில் இடுவதே முறை. ஊரின் பெயர் அனைவருக்கும் உரியது; குடும்பத்துக்கு மட்டும் உரிய பெயர் ஒன்று வேறாக வேண்டும்.

அந்தப் பெயர் அவர்களிடமே இருந்தது. தோட்டத்தின் மேல்கோடியில் ஒரு பாறை இருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்த நிலத்தை அந்தப் பாறையின் பெயராலேயே அழைக்கிறார்கள். அடையாளம் தெரியாதிருக்க 'குருவிப்பாறைத் தோட்டம்' என்று மாற்றிச் சொல்கிறேன். "பாறை என்றால் கல்குவாரி என்று நினைக்க மாட்டார்களா, சார்?" என்று மகன் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். ஆனால் வாங்குபவர் 'அந்தப் பாறை எங்கே இருக்கிறது?' என்று கேட்டால், காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஐந்து கடைக்காரர்களுக்குத் தொலைபேசியில் பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொன்னோம். நான்கு பேர் ஒரே மாதிரி எழுதினார்கள். ஒருவர் முதலெழுத்தை மாற்றினார். இரண்டு வடிவங்களையும் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில், ஒலி ஒப்புமையையும் சேர்த்துச் சரிபார்த்த பிறகே விண்ணப்பித்தோம். வணிகக்குறிப் பதிவில் பதப்படுத்தாத பழம் 31ஆம் வகுப்பு, வாழைக்காய் சிப்ஸ் 29ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

ஒரு நிபந்தனையை எழுதி வாங்கிக்கொண்டேன். காய்ப்புக் குறையும் மாதங்களில் வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்று சமவெளி வாழையை வாங்கி விற்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. 'தோட்டம்' என்று பெயரில் வந்த பின், வேறு நிலத்துப் பழத்தை அந்த அட்டையோடு அனுப்பினால் அது பொய்யாகிவிடும். மலைவாழையின் வாசனையை அறிந்தவர் முதல் பழத்திலேயே கண்டுபிடிப்பார். ஆகவே அந்தப் பழங்கள் அட்டையில்லாமல், வாங்கிய ஊரைச் சொல்லி விற்கப்படுகின்றன. கடந்த ஆண்டு ஆறு வாரங்கள் அட்டை கட்டிய தார் ஒன்றுகூட மலையிலிருந்து இறங்கவில்லை. 'குருவிப்பாறை எப்போது வரும்?' என்று கேட்டு அந்த வாரங்களில் வந்த அழைப்புகளை மகன் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.