நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் மனு: தாக்கல் செய்யும் முன் ஒருமுறை வாசிப்பது எப்படி?

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே மனு போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. நஷ்டஈடாக எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. ஆனால் மனுவோடு பிரமாணப் பத்திரமும் போவதால், தவறான தேதி ஒன்று இருந்தால் அது நீங்கள் உறுதிமொழி கொடுத்துச் சொன்ன தவறாகிவிடும்.

ஒரு ஃபிரிட்ஜ் வழக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 14.03.2023 அன்று 38,500 ரூபாய்க்கு வாங்கியது. 02.09.2023 அன்று குளிர்ச்சி நின்றுபோனது. சர்வீஸ் ஆட்கள் இரண்டு முறை வந்தும் சரியாகவில்லை. மாற்றித் தர முடியாது என்று 20.01.2024 அன்று கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியது. 10.06.2025 அன்று நோட்டீஸ் அனுப்பிவிட்டு, 10.10.2025 அன்று மனு போடப் போகிறார்கள்.

மனுவின் முதல் வரைவில், "வழக்குக்கான காரணம் நோட்டீஸ் அனுப்பிய 10.06.2025 அன்று எழுந்தது" என்று இருக்கிறது. பலரும் செய்யும் தவறு இது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நோட்டீஸோ நினைவூட்டல் கடிதமோ அனுப்புவதால் அந்தக் கெடு நீளாது. எனவே குறை முதலில் தெரிந்த 02.09.2023, சர்வீஸ் நடந்த நாட்கள், மறுப்பு வந்த 20.01.2024 என்று எல்லாத் தேதிகளையும் வரிசையாக எழுதுங்கள். மறுப்பு வந்த நாளிலிருந்து எண்ணினால் கெடு இன்னும் இருக்கிறது. குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு மாதத்துக்கு மேல் கடந்துவிட்டது. எதிர்த்தரப்பு இரண்டாவதைத்தான் பிடிக்கும். அதனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றையும், தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, கூடவே தாக்கல் செய்வதே பத்திரம்.

தேதி பார்க்க எளிய வழி: ஆவணங்களை ஒருபுறமும் மனுவை மறுபுறமும் வைத்துக்கொண்டு, மனுவில் ஒவ்வொரு தேதி வரும்போதும் அதைக் காட்டும் தாளைத் தொட்டுப் பாருங்கள். தாள் இல்லாத தேதிக்கு "சுமார்" என்று போடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். "கடந்த மார்ச்சில்" போன்ற சொற்கள் கூடாது. விசாரணைக்கு வரும்போது அது எந்த மார்ச் என்று யாருக்கும் தெரியாது.

தொகையிலும் இதே கவனம் வேண்டும். நம் வரைவில் ஃபிரிட்ஜின் விலை 41,000 என்று இருக்கிறது. பில்லில் 38,500 தான். வேறு கடையில் வாங்கிய 2,500 ரூபாய் ஸ்டெபிலைசரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடை வழக்கில் தரப்பே இல்லை. விலை என்றால் பில்லில் உள்ளது மட்டும்தான். ஸ்டெபிலைசர் செலவைக் கேட்பதானால், சர்வீஸ் ஆள் சொல்லித்தான் வாங்கினோம் என்பதற்குச் சான்று காட்டி, நஷ்டக் கணக்கில் தனியாகக் கேட்க வேண்டும்.

பரிகாரப் பகுதியில் "உரிய நஷ்டஈடு வழங்கித் தகுந்த நீதி வழங்க வேண்டும்" என்று முடிப்பது வழக்கம். இதை வைத்துக்கொண்டு ஆணையம் என்ன உத்தரவு போடும்? யார், எதை, எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்ற நான்குக்கும் அந்த வாக்கியத்திலேயே விடை இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"1, 2-ஆம் எதிர்த்தரப்பினர் கூட்டாகவும் தனித்தனியாகவும், ஃபிரிட்ஜின் விலை ரூ.38,500-ஐ 14.03.2023 முதல் பணம் தரும் நாள் வரை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். அல்லது, அதே மாடலில் குறையில்லாத புதிய ஃபிரிட்ஜ் தர வேண்டும்."

நடுவில் உள்ள "அல்லது" முக்கியம். அது இல்லையென்றால் பணமும் வேண்டும், பொருளும் வேண்டும் என்று கேட்பதாக ஆகிவிடும். மன உளைச்சலுக்கான நஷ்டஈடும் வழக்குச் செலவும் இதற்குக் கீழே தனித்தனிப் பத்திகளில், தொகையோடு வரட்டும். பத்து லட்சம் கேட்டால் ஒன்றாவது கிடைக்கும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. கெட்டுப்போன உணவு, மருந்து என்று காட்டக்கூடிய இழப்பை ஒட்டிய தொகைதான் நிற்கும்.

கடைசியாக, கோபம். "மோசடிக் கும்பல்", "திட்டமிட்டு ஏமாற்றினார்கள்" போன்றவற்றை அடித்துவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் நடப்பது சுருக்க விசாரணை. மோசடி போன்ற குற்றச்சாட்டுகளையும் பெரிதும் சர்ச்சைக்குரிய உண்மைகளையும் அங்கே தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. "மோசடி" என்று எழுதினால், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று வாதாட எதிர்த்தரப்புக்கு நீங்களே வழிவிடுகிறீர்கள். "பொருளில் குறைபாடு", "சேவைக் குறைபாடு" என்ற சட்டச் சொற்கள் போதும். "அலட்சியமாக நடத்தினார்கள்" என்பதைவிட, "05.09.2023, 18.11.2023 ஆகிய நாட்களில் பழுது பார்த்தும் குளிர்ச்சி வரவில்லை, சர்வீஸ் ரசீதுகள் இணைப்பு 3, 4" என்பது கனமான வாக்கியம்.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் பிரமாணப் பத்திரத்தைத் தட்டச்சு செய்யக் கொடுங்கள். மனுவில் திருத்திய தேதி அதில் பழையபடியே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.